தங்கிலீஷ் கமெண்டுக்கு எந்த எழுத்தில் பதில் போடுவது?

கேள்வி: "என் யூடியூப் சமையல் சேனலில் பாதிப் பேர் தங்கிலீஷில்தான் கேட்கிறார்கள். நானும் அப்படியே பதில் போடுகிறேன். தமிழ் தெரியாத பார்வையாளர்கள் மொழிபெயர்ப்பு பட்டனே வரவில்லை என்கிறார்கள். என்ன செய்வது?"

பதிலைத் தமிழ் எழுத்தில் போடுங்கள், அதுவும் எழுத்து நடையில், சின்னச் சின்ன வாக்கியங்களாக. யூடியூப் ஆப் கமெண்ட்டின் மொழியைக் கண்டுபிடித்த பிறகுதான் மொழிபெயர்ப்பு பட்டனைக் காட்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினால் அதற்குப் பெரும்பாலும் பிடிபடுவதில்லை, பட்டன் வந்தாலும் கண்டபடி எதையாவது கொட்டும். கோடிக்கணக்கானவர்கள் இப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள் என்று தெரிந்தும் இதை இன்னும் சரிசெய்யாமல் இருப்பது எரிச்சல்தான்.

ஒருவர் "Akka cooker la cake vechen, nadula vegala" என்று கேட்கிறார் என்று வையுங்கள். "சிம்ல வச்சி இன்னும் கொஞ்சம் விடுங்க" என்று பதில் போட்டால், எழுத்து தமிழாக இருந்தாலும் பேச்சு வழக்கு என்பதால் மொழிபெயர்ப்பு தடுமாறும். "அடுப்பைச் சிறு தீயில் வையுங்கள். 40 நிமிடம் கழித்துக் குச்சியால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டினால் இன்னும் 5 நிமிடம் வையுங்கள்." இது ஓரளவு ஒழுங்காகப் போய்ச் சேரும். சரிபார்க்க, ஆங்கிலத்தில் வைத்திருக்கும் வேறொருவர் போனில் பாருங்கள், ஏனென்றால் உங்கள் போன் தமிழில் இருந்தால் தமிழ் கமெண்டுக்கு அங்கே பட்டன் வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. வெளிநாட்டில் வளர்ந்து, தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். கேட்டவர் அப்படிப்பட்டவர் என்று தெரிந்தால் எளிய ஆங்கிலத்தில் இன்னொரு பதில் போடுங்கள், ஆனால் தனியாக. தமிழும் ஆங்கிலமும் ஒரே பதிலில் கலந்தால் மொழியைக் கண்டுபிடிப்பதில் மறுபடியும் குழப்பம். தங்கிலீஷ்தான் வேண்டும் என்று அவரே கேட்டாலும் தமிழ் எழுத்துப் பதிலை அழிக்காதீர்கள், மற்றவர்களுக்கு அதுதான் பயன்படும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. உங்கள் படத்தையும் பெயரையும் போட்டுக்கொண்டு, "பரிசு விழுந்திருக்கிறது, டெலிகிராமில் வாங்க" என்று ஆங்கிலத்தில் பதில் போடும் ஆட்கள். உங்கள் தமிழ்ப் பதிலைப் படிக்க முடியாத பார்வையாளர்தான் அதில் முதலில் விழுகிறார். பெயருக்குப் பின்னால் நிறம் தெரிவது சேனல் உரிமையாளரின் பதிலுக்கு மட்டுமே, அதை ஒரு கமெண்டாக எழுதி, எப்போதும் மேலே நிற்கும்படி Pin செய்துவிடுங்கள். YouTube Studio-வில் Settings, Community போய் Blocked words-இல் டெலிகிராம், வாட்ஸ்அப் இரண்டையும் தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்திலும் சேருங்கள். எழுத்தை மாற்றிப் போட்டு நழுவுவார்கள், தெரியத் தெரிய அதையும் சேர்க்க வேண்டியதுதான்.

அப்புறம், மாதக் காசுக்கு எல்லா மொழியிலும் பதில் போட்டுத் தருகிறோம் என்று வருபவர்கள். பாஸ்வேர்டு கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். கமெண்டை ஒழுங்குபடுத்த மட்டும் ஆள் வேண்டுமென்றால் அதே Community பக்கத்தில் ஒருவரை மாடரேட்டராகச் சேர்க்கலாம், பாஸ்வேர்டு தேவையே இல்லை.