இரண்டு கோட்டுத்துண்டுகள் சந்திக்கும் இடம்: கேள்வி பதில்

கல்லூரி மாணவர்: இரண்டு கோடுகளுக்கும் y = mx + c எழுதித் தீர்த்து, செங்குத்துக் கோட்டை மட்டும் தனியாகக் கவனிக்கிறேன். இது போதாதா ஐயா?

பதில்: தாளில் கணக்குப் போடப் போதும், நிரலுக்குப் போதாது. செங்குத்துக் கோட்டைத் தனியாகக் கவனித்தாலும், கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும் கோட்டின் சாய்வு மிகப் பெரிய எண்ணாகி, விடையில் உள்ள இலக்கங்களை அழித்துவிடும். அதோடு, அந்தச் சமன்பாடு முடிவில்லாத கோட்டைப் பற்றியது. துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதில் இல்லை. முதல் துண்டின் முனைகள் A, B; இரண்டாவதன் முனைகள் C, D. A-யிலிருந்து B-க்குச் செல்லும் வெக்டரை r என்றும், C-யிலிருந்து D-க்குச் செல்வதை s என்றும், A-யிலிருந்து C-க்குச் செல்வதை w என்றும் வைத்துக்கொண்டால் சாய்வே தேவைப்படாது. முதல் துண்டில் t பங்கு தூரத்திலும் இரண்டாவதில் u பங்கு தூரத்திலும் சந்திப்பு நிகழ்கிறது என்று கொண்டு, குறுக்குப் பெருக்கலால் இரண்டையும் நேரடியாகப் பெறலாம்.

A(0,0), B(6,4), C(3,2), D(5,−1) என்று எடுத்துக்கொள்வோம். r = (6,4), s = (2,−3), w = (3,2). r, s இவற்றின் குறுக்குப் பெருக்கல் 6×(−3) − 4×2 = −26. w, s-க்கு −13. w, r-க்கு 0. ஆகவே t = −13/−26, அதாவது 0.5; u = 0. முதல் துண்டின் நடுப்புள்ளியை இரண்டாவது துண்டு தன் தொடக்க முனையால் தொடுகிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

விளையாட்டு நிரல் எழுதுபவர்: நானும் t, u கண்டுபிடித்து 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். ஆனால் முனை தொடும்போது ஒரு தடவை ஆம் என்கிறது, இன்னொரு தடவை இல்லை என்கிறது.

பதில்: வகுத்த பிறகு முடிவெடுப்பதால் இது நேர்கிறது. சந்திக்கின்றனவா என்பது ஒரு கேள்வி, எந்த இடத்தில் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு வகுத்தல் வேண்டியதில்லை. தொகுதியையும் பகுதியையும் ஒப்பிட்டாலே போதும்.

```python
def cross(a, b):
    return a[0]*b[1] - a[1]*b[0]

d, tn, un = cross(r, s), cross(w, s), cross(w, r)
if d < 0:
    d, tn, un = -d, -tn, -un
hit = d > 0 and 0 <= tn <= d and 0 <= un <= d
```

குறி மாற்றும் அந்த `if` வரியை விட்டுவிட்டால், மேலே பார்த்த −26 எடுத்துக்காட்டிலேயே தவறான விடை வரும். ஆயத்தொலைகள் முழு எண்களாக இருந்தால் இந்தச் சோதனை முற்றிலும் துல்லியமானது. ஆனால் எண்ணின் கொள்ளளவைக் கவனியுங்கள்: ஆயத்தொலைகள் −10⁹ முதல் 10⁹ வரை இருக்கும்போது குறுக்குப் பெருக்கல் 8×10¹⁸ வரை போகலாம். 64 பிட் முழு எண்ணில் அது அடங்கும், 32 பிட்டில் அடங்காது. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண்களோ 2⁵³-க்கு மேல் எல்லா முழு எண்களையும் பிரித்துக் காட்டாது.

வரைபட மென்பொருள் பணியாளர்: d சுழியம் என்றால் இணைகோடுகள், வெட்டாது என்று திருப்பி அனுப்புகிறேன். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் x எல்லைகளை ஒப்பிட்டால் போதும்தானே?

பதில்: எல்லைகளை ஒப்பிடும் எண்ணம் சரி, x மட்டும் போதாது. இரண்டு துண்டுகளும் ஒரே செங்குத்துக் கோட்டில் மேலும் கீழுமாகத் தள்ளி நின்றால், x எல்லைகள் ஒன்றாகவே இருக்க, துண்டுகள் ஒன்றையொன்று தொடவே தொடா. y எல்லைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆம், இல்லை என்ற விடை சரியாக வரும், ஆனால் பொதுவான பகுதி எது என்பது தெரியாது.

ஆகவே d சுழியமானதும் முதலில் w, r-இன் குறுக்குப் பெருக்கலைப் பாருங்கள். அது சுழியம் இல்லையென்றால் அவை விலகி நிற்கும் இணைகோடுகள், வேலை முடிந்தது. சுழியம் என்றால் இரண்டும் ஒரே கோட்டில் உள்ளன. C, D இரண்டும் முதல் துண்டின் அளவுகோலில் எங்கே விழுகின்றன என்று புள்ளிப் பெருக்கலால் காணுங்கள். அதே A(0,0), B(6,4) துண்டோடு C(9,6), D(3,2) துண்டை வைத்தால், r-ஐ r-ஓடு பெருக்க 52; C-க்கு 78/52 = 1.5; D-க்கு 26/52 = 0.5. இரண்டாவது துண்டு எதிர்த்திசையில் ஓடுவதால் சிறியதை முன்னால் மாற்றிக்கொள்ள வேண்டும். 0.5 முதல் 1.5 வரையிலான இடைவெளியில் 0 முதல் 1 வரைக்குள் அடங்குவது 0.5 முதல் 1 வரை. பொதுவான பகுதி (3,2)-இலிருந்து (6,4) வரை. D(3,2)-க்குப் பதில் (6,4) இருந்திருந்தால் பொதுவான இடைவெளி 1 என்ற ஒற்றை எண்ணாகச் சுருங்கியிருக்கும்: ஒரே கோட்டில் அமைந்தும் முனையால் மட்டும் தொடும் நிலை அது.

A-யும் B-யும் ஒரே புள்ளியாக இருந்தால் r சுழியமாகி, r இடம்பெறும் இரண்டு குறுக்குப் பெருக்கல்களும் சுழியம் ஆகும். எங்கோ கிடக்கும் துண்டுகூட அதே கோட்டில் இருப்பதாகத் தோன்றி, பிறகு சுழியத்தால் வகுக்க நேரும். நீளமில்லாத துண்டுகளைத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள்.

நில அளவை உதவியாளர்: எங்கள் எல்லைக்கோடுகள் ஜிபிஎஸ் டிகிரியில் இருக்கின்றன. d 1e-9-ஐவிடச் சிறியதென்றால் இணை என்று வைத்தேன். குறுக்கே வெட்டும் வரப்புகளையும் இணை என்கிறது.

பதில்: அட்சரேகையில் 0.00001 டிகிரி என்பது சுமார் 1.1 மீட்டர். அவ்வளவு நீளமுள்ள இரண்டு துண்டுகள் செங்கோணத்திலேயே வெட்டினாலும் d வெறும் 10⁻¹⁰ தான்; உங்கள் வரம்பு அவற்றை விழுங்கிவிடுகிறது. d என்பது பரப்பைப் போன்ற அளவு, கோணம் அல்ல. அதை இரண்டு நீளங்களின் பெருக்கற்பலனால் வகுத்தால்தான் கோணத்தின் சைன் கிடைக்கும், வரம்பை அதன்மீது வைப்பதே பொருளுடையது.

உங்கள் தரவுக்கு இதைவிட நல்ல வழியும் உண்டு. டிகிரியை 10⁷-ஆல் பெருக்கி முழு எண்ணாக்குங்கள். OpenStreetMap தரவுத்தளம் ஆயத்தொலைகளை அப்படித்தான் சேமிக்கிறது. பெருக்கிய பின் பின்னத்தை வெட்டாமல் `round` செய்யுங்கள். ஒரு மாவட்டத்துக்குள் அடங்கும் வேறுபாடுகள் 64 பிட்டுக்குள் தாராளமாக நிற்கும். ஆனால் நிலத்தில் ஒரே கல்லாக இருப்பது இரண்டு அளவீடுகளில் சற்றே விலகிப் பதிவானால், எந்தக் கணிதமும் அதை ஒன்றாக்காது; எத்தனை சென்டிமீட்டர் விலகலை ஒன்றெனக் கொள்வது என்பதை அளவையர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொரு வாசகர்: புள்ளியிலிருந்து வலப்பக்கம் ஒரு கதிர் விட்டு, பலகோணத்துக்குள் இருக்கிறதா என்று எண்ணுகிறேன். கதிர் மூலையைத் தொட்டால் இரண்டு வெட்டு என்கிறது. தொடுவதை வெட்டு இல்லை என்று சொல்லிவிடலாமா?

பதில்: கூடாது. அப்படிச் செய்தால் மூலை வழியாகவே உள்ளே நுழையும் கதிரின் எண்ணிக்கை சுழியமாகும். உங்கள் தேவை சந்திப்புப் புள்ளி அல்ல, எத்தனை முறை கடந்தது என்பது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ்முனையைச் சேர்த்து, மேல்முனையை விலக்குங்கள். கதிர் கடந்து செல்லும் மூலை ஒருமுறையும், உரசிச் செல்லும் மூலை இரண்டு முறை அல்லது சுழியமும் கணக்காகும். ஒற்றை, இரட்டை பிசகாது. கிடைப்பக்கங்கள் தாமே விலகிவிடும். புள்ளி எல்லைக்கோட்டின்மீதே இருந்தால் உள்ளா வெளியா என்பதை இந்த விதி உங்கள் விருப்பப்படி சொல்லாது. அதை முன்கூட்டியே தனியாகச் சோதியுங்கள்.

வரைபட மென்பொருள் பணியாளர்: கண்டுபிடித்த புள்ளியைத் திரும்பவும் அதே துண்டின்மீது இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறதே?

பதில்: முழு எண் முனைகளுள்ள துண்டுகளும் 1/3 போன்ற இடத்தில் சந்திக்கலாம், அது இரும எண்ணில் சரியாக எழுத முடியாதது. சேமித்த கணமே புள்ளி கோட்டிலிருந்து இம்மியளவு நகர்ந்துவிடுகிறது. ஆகவே அந்தப் புள்ளியை மறுபடி சோதிக்காமல், எந்த இரண்டு துண்டுகளின் சந்திப்பு அது என்பதைப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். முனைகள் தசம எண்களாகவே இருந்தாக வேண்டும் என்றால், குறியைச் சரியாகக் கண்டறிய ஜோனதன் ஷெவ்சுக் 1997-இல் வெளியிட்ட முறை உதவும். எனினும் அது முடிவை மட்டுமே சரியாக்கும். துண்டுகளை அந்தப் புள்ளியில் வெட்டி மீண்டும் மீண்டும் கணக்கிடும்போது, வளைந்த துண்டுகள் முன்பு தொடாத அண்டைக் கோட்டைத் தொடக்கூடும். புள்ளிகளை ஒரு கட்டத்தின் சந்திகளுக்கு நகர்த்துவது, பின்னங்களாகவே வைத்துக்கொள்வது என இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது வடிவத்தைச் சற்று மாற்றுகிறது, இரண்டாவது ஒவ்வொரு சுற்றிலும் எண்களை நீளமாக்குகிறது. நீங்கள் எத்தனை சுற்று வெட்டுகிறீர்கள் என்று தெரியாமல் இவற்றில் ஒன்றை என்னால் பரிந்துரைக்க இயலாது.