தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாம் இரவு

“ஹைப்போ, ஹைப்பர் அறிகுறிகள் எனக்குக் குழம்பிக்கொண்டே இருக்கின்றன. தைராய்டு ஆபரேஷன் முடிந்து வருபவரிடம் எதைக் கவனிக்க வேண்டும், சிஸ்டர்?”

நான் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணை வைத்தே சொல்கிறேன். அவருக்கு ஹைப்பர் தைராய்டு, அதாவது சுரப்பி அளவுக்கு மீறி ஹார்மோன் சுரந்தது. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே வந்தது. ஃபேனுக்கு அடியிலும் வியர்த்தது. கையை நீட்டினால் விரல்கள் நடுங்கின. சும்மா படுத்திருக்கும்போதே நாடி 110. ரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். மிகக் குறைவு. மாத்திரை கொடுத்து தைராய்டு ஹார்மோன் அளவைச் சீராக்கிய பிறகுதான் சுரப்பியை முழுவதுமாக எடுத்தார்கள்.

இனி அவர் உடலில் அந்த ஹார்மோன் சுரக்காது. அதற்குப் பதிலாகத் தரும் லெவோதைராக்ஸின் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்லாம் தலைகீழாகும்: குளிர் தாங்காது, எடை கூடும், மலச்சிக்கல், வறண்ட தோல், மந்தமான நாடி, தீராத அசதி. டி.எஸ்.எச். ஏறும். இதுதான் ஹைப்போ.

சரி, வார்டுக்கு வருவோம். முதல் 24 மணி நேரம் பயப்பட வேண்டியது ரத்தக் கசிவுக்கு. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைத்து, ஒவ்வொரு முறையும் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். முன்னால் கட்டு உலர்ந்திருக்கும், ரத்தம் பின்பக்கமாக வழிந்திருக்கும். “கழுத்தை இறுக்குது” என்றாலோ, கழுத்து வீங்கினாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். உள்ளே தேங்கும் ரத்தம் மூச்சை அடைத்துவிடும். கட்டிலிலேயே தையலைப் பிரிக்க வேண்டி வரலாம். அதற்கான செட், ஆக்சிஜன், சக்ஷன் எல்லாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. இரண்டாம் இரவு, “உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுற மாதிரி இருக்கு சிஸ்டர்” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தூக்கக் கலக்கம் என்று விட்டிருக்கலாம். பி.பி. பார்க்கப் பட்டையைக் கட்டிக் காற்றேற்றி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். மணிக்கட்டு தானாக மடங்கியது, விரல்கள் நேராக நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இது ட்ரூசோ அறிகுறி, ரத்தத்தில் கால்சியம் குறைந்ததன் அடையாளம்.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கும். கால்சியத்தைக் காப்பது அவைதான். ஆபரேஷனில் அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் ஒன்றிரண்டு நாளில் கால்சியம் இறங்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், குரல்வளை இறுகி மூச்சு அடைக்கும்.

ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் என்று ரிசல்ட் வந்தது, 8.5-க்கு மேல் இருக்க வேண்டியது. டாக்டர் சொன்னபடி 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை, மானிட்டரைப் பார்த்தபடி 10 நிமிடத்தில் மெதுவாக ஏற்றினோம். வேகமாகப் போனால் இதயத் துடிப்பு தடுமாறும்; ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். கொஞ்ச நேரத்தில் ஊறல் அடங்கியது. மறுபடி இறங்கலாம் என்பதால், அப்புறமும் விடியும்வரை உதட்டையும் விரல் நுனியையும் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு மாத்திரை கொடுத்தோம். லெவோதைராக்ஸின் காலையில் வெறும் வயிற்றில். கால்சியம் அதற்கு 4 மணி நேரம் கழித்து. சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.