வளைகாப்புக்கு ஒரு நீளத் தலையணை

கேள்வி: என் தோழிக்கு ஏழாம் மாதம், அடுத்த வாரம் வளைகாப்பு. குழந்தைக்கு எல்லோரும் வாங்கிவிடுவார்கள். அவள் உடம்புக்கு இதமாக, ஓய்வுக்கு உதவுகிற மாதிரி என்ன தரலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: இரவில் எப்படிப் படுக்கிறாள் என்று அவளிடமே கேளுங்கள். இந்த மாதங்களில் பலருக்கும் படுக்கைதான் பெரிய பாடு. மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம், கால்களிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். சிலருக்குத் தலை சுற்றும். அதனால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள். அப்போது மேலே இருக்கும் கால் முன்னால் சரிந்து இடுப்பை முறுக்கும், வயிறு தாங்கலில்லாமல் இழுக்கும். இதற்கு வேண்டியது நீளமான, மெத்தென்ற ஒரு தலையணை.

என் தங்கைக்கு நாங்கள் அவசரத்தில் வாங்கியது கெட்டியான உருட்டுத் திண்டு. நீளமும் குறைவு. முழங்கால் உயரமாகத் தூக்கிக்கொண்டது, பாதம் அந்தரத்தில் தொங்கியது. இரண்டே நாளில் இடுப்பு வலி கூடிவிட்டது. அப்புறம் நாலடி நீளத்தில், கால் வைத்தால் பாதியாக அமுங்குகிற ஒன்றைத் தைத்து வாங்கினோம். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள அவளுக்கு மார்பிலிருந்து கணுக்கால் வரை வந்தது. முழங்காலும் கணுக்காலும் ஒரே மட்டத்தில் நின்ற பிறகுதான் தூங்கினாள். வயிற்றுக்கு அடியில் சின்னதாக, தட்டையாக இன்னொரு தலையணை கொடுத்தோம்.

கடைகளில் உடம்பைச் சுற்றி வளைக்கும் பெரிய தலையணையும் கிடைக்கும். முதுகுக்கும் சேர்த்துத் தாங்கல் தரும் என்பது உண்மைதான். ஆனால் சிறுநீர் கழிக்க இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியவளுக்கு ஒவ்வொரு தடவையும் அதற்குள்ளிருந்து விடுபடுவதே வேலை. கட்டிலும் அடைந்துவிடும். நேரானதே போதும் என்பேன். திருச்சி வெயிலுக்கு வழவழப்பான செயற்கைத் துணி உறை ஆகாது. கழற்றித் துவைக்கிற பருத்தி உறையாக இரண்டு வையுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகும் அது சும்மா கிடக்காது. பால் கொடுக்கும்போது மடியில் மடித்து வைத்தால் குழந்தை மார்பு உயரத்துக்கு வரும், அவள் குனிய வேண்டாம். குழந்தை தூங்கும் இடத்தில் மட்டும் அதைப் போடவே கூடாது. முகம் புதைந்து மூச்சுத் திணறும். அதையும் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு விஷயம். வளைகாப்பு மேடையில் காகிதம் சுற்றிக் கொடுக்காதீர்கள். இன்றைக்கு ராத்திரியே அவளுக்கு அது தேவை, நாளைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். விழா முடிந்து பிறந்த வீட்டுக்குப் போவாள் என்றால், புறப்படும் வண்டியில் அந்தத் தலையணை ஏறியதா என்று நீங்களே பாருங்கள். பலகாரக் கூடைகளுக்கு நடுவே மறந்துபோவது அதுவாகத்தான் இருக்கும்.