2020-இல் மண்டல மொத்தம் ஏன் சரிகிறது?

2015 முதல் 2022 வரை மாவட்டத் தரவைக் கூட்டினேன். வேலூர் இருக்கும் மண்டலம் மட்டும் 2020-இல் பாதிக்கு மேல் விழுகிறது. ஏன்?

2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் உருவாயின. உங்கள் மண்டலப் பட்டியலில் இந்தப் புதுப் பெயர்கள் இல்லையென்றால், அந்த வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டிருக்கும். 2011 கணக்கெடுப்பில் பழைய வேலூரில் சுமார் 39 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பின்படி இன்றைய வேலூர் எல்லைக்குள் சுமார் 16 லட்சம்தான். சரிவு எங்கிருந்து வந்தது என்று இதிலேயே தெரிகிறது.

சோதிப்பது எளிது: ஆண்டுவாரியாக எத்தனை மாவட்டப் பெயர்கள் என்று எண்ணுங்கள். 2018-இல் 32; அந்த எண்ணிக்கை கூடும் ஆண்டில்தான் சிக்கல்.

அப்புறம் ஓர் இணைப்பு அட்டவணை போடுங்கள்: ஆண்டு, மாவட்டம், பழைய மாவட்டம், மண்டலம். மூன்றையும் பழைய வேலூருக்கே திருப்பிக் கூட்டினால் தொடர் ஒழுங்காகும். விகிதங்களைக் கூட்டாதீர்கள்; தொகுதி, பகுதி எண்களைத் தனித்தனியே கூட்டிப் பிறகு வகுங்கள்.

இந்த வழி எல்லா மாவட்டத்துக்கும் செல்லாது. 2009-இல் வந்த திருப்பூர், கோவை, ஈரோடு இரண்டிலிருந்தும் எடுக்கப்பட்டது. தாராபுரமும் காங்கேயமும் ஈரோட்டிலிருந்து வந்தவை. அங்கே தாலுகா அளவு தரவு வேண்டும். அது இல்லையென்றால், கோவை, ஈரோடு, திருப்பூர் மூன்றையும் ஒரே அலகாக வைத்துத்தான் ஒப்பிட முடியும்.