லொக்கேஷன் போட்டு சார்ட் பண்ணியும் பையன் ஏன் சுத்திக்கிட்டே இருக்கான்?

"சார், மன்னார்குடில பம்புசெட் ஸ்பேர்ஸ் ஹோல்சேல் வச்சிருக்கோம். குடோன்ல ஆறு ரேக்கு, A-லேர்ந்து F வரைக்கும் பேர் எழுதி, ஒவ்வொண்ணுலயும் 1-லேர்ந்து 6 வரைக்கும் கட்டத்துக்கு நம்பர் ஒட்டியாச்சு. எடுக்கற லிஸ்ட்ட எக்செல்ல லொக்கேஷன் வரிசைப்படி சார்ட் பண்ணித்தான் குடுக்கறேன், அப்பவும் பையன் ஒரே சந்துக்குள்ள ரெண்டு தடவ போறான். எங்க தப்பு?"

தப்பு பையன்கிட்ட இல்ல, சார்ட்லதான். நீங்க ரேக்கோட பேர சார்ட் பண்றீங்க, அவன் நடக்கறது சந்துல. A-யும் B-யும் எதிரெதிர்ல நிக்குதுன்னு வச்சுக்கறேன், பெரும்பாலான குடோன்ல அப்படித்தான், C-க்கு எதிர்ல D, E-க்கு எதிர்ல F, ஆக மூணு சந்து. எக்செல்லுக்கு இது எதுவும் தெரியாது, A முழுசா முடிச்சுட்டுதான் B-ய எடுக்கும், அதனால A6 வரைக்கும் உள்ள போனவன் B1-க்காக மறுபடி வாசலுக்கு வரணும், அந்த B1 அவன் A1-ல நின்னப்பவே முதுகுக்குப் பின்னாடி இருந்திருக்கும்.

அதனால லொக்கேஷன் பேர அப்படியே விட்டுட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியா ஒரு நடை நம்பர் குடுங்க. ஒரு சாக்பீஸ் எடுத்துக்கிட்டு பேக்கிங் டேபிள்லேர்ந்து நீங்களே நடந்து பாத்துக் குடுக்கணும், சேர்ல உக்காந்து போட்டா வராது. முதல் சந்துல உள்ள போறப்ப A1-க்கு 10, B1-க்கு 20, A2-க்கு 30, B2-க்கு 40ன்னு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போனா B6-ல 120 வரும். ரெண்டாவது சந்துக்கு பின்பக்கமாவே நுழையுங்க, C6-க்கு 130, D6-க்கு 140, அப்படியே வாசல் பக்கம் வந்தா D1-க்கு 240. மூணாவது சந்துலதான் கொஞ்சம் யோசிக்கணும். அதுலயும் மாத்தி மாத்திப் போட்டா ஆளு கடைசில குடோன் கோடில நிப்பான், டேபிளோ முன்னாடி இருக்கு, சும்மா திரும்பி நடக்கணும். அதனால E-ய போறப்ப எடுக்கட்டும், E1-க்கு 250, E6-க்கு 300, திரும்பறப்ப F6-க்கு 310, F1-க்கு 360. ரெண்டாவது சந்தோட பின்பக்கம் செவுரா இருந்து வழி இல்லன்னா எல்லா சந்துக்கும் இதே மாதிரி போக ஒரு பக்கம் வர ஒரு பக்கம்தான். பத்து பத்தா விடறது எதுக்குன்னா, நாளைக்கு நடுவுல ஒரு ஸ்டாண்டு வந்தா 35ன்னு சொருகிக்கலாம்.

ஒரு பில்ல வச்சுப் பாப்போம். ஆயில் சீல் A2, பேரிங் A6, கிளாண்ட் கயிறு B2, கப்பாசிட்டர் C5, ஃபுட் வால்வு D1, பிவிசி சொல்யூஷன் F3. உங்க சார்ட் இதே வரிசையிலதான் குடுக்கும், A6 வரைக்கும் போயிட்டு கயிறுக்காக நாலு கட்டம் திரும்பி வர்றான். நடை நம்பர்ல 30, 40, 110, 150, 240, 340, அதாவது சீல் எடுத்த கையோட கயிறு, அப்பறம் பேரிங், அப்படியே பின்பக்கமா கப்பாசிட்டர். கட்டத்த எண்ணிப் பாத்தா முன்னாடி 28 கட்ட நடை, இப்ப 20, சந்து மாறக் குறுக்க நடக்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான். நாலஞ்சு அயிட்டம் பில்லுக்கு இது பெருசா தெரியாது, ஒரே சந்துல முடியற பில்லுன்னா கோடி வரைக்கும் போகவும் தேவையில்ல, அத பையனே பாத்துப்பான். முப்பது நாப்பது வரி பில்லுலதான் தெரியும்.

எக்செல்ல Loc-னு ஒரு ஷீட்டு போட்டு முதல் காலம்ல லொக்கேஷன், ரெண்டாவதுல நடை நம்பர் அடிச்சு வைங்க. பில் ஷீட்ல லொக்கேஷன் C காலம்ல இருந்தா பக்கத்துல இது:

```
=VLOOKUP(TRIM(C2),Loc!A:B,2,FALSE)
```

அந்த காலம சின்னதுலேர்ந்து பெருசா சார்ட் பண்ணுங்க. அப்ப ஒரு கேள்வி கேட்டா Expand the selection-தான் குடுக்கணும், இல்லன்னா நம்பர் மட்டும் கலைஞ்சு அயிட்டம் இருந்த எடத்துலயே நிக்கும். கடைசி வரிகள்ல #N/A வந்தா அந்த லொக்கேஷன் Loc-ல இல்லன்னு அர்த்தம். நம்பரெல்லாம் செல்லோட இடது பக்கம் ஒட்டி நின்னு 110 வந்து 30-க்கு மேல ஏறிடுச்சுன்னா, Loc-ல நம்பர எழுத்தா அடிச்சிருக்கீங்க.

என் குடோன்லயும் இவ்வளவும் பண்ணி நான் மாட்டுனது வேற எடத்துல. ஒரு வருஷம் ஜூன் 12 மேட்டூர் தொறப்புக்கு முன்னாடி ஃபில்டர் பாயிண்ட் வேலைக்கு கூட்டம் நெரிஞ்சுச்சு, ஃபுட் வால்வு கைக்கு கிட்ட இருக்கட்டும்னு D1-லேர்ந்து A1-க்கு மாத்திட்டேன். மாத்துனது நல்ல யோசனதான், ஆனா அயிட்டம் மாஸ்டர்ல D1-ன்னே இருந்துச்சு. லிஸ்ட்டு 240-ன்னு காட்ட, பையன் முழுக்க சுத்தி D1-க்குப் போயி காலி கட்டத்தப் பாத்துட்டு "ஸ்டாக் இல்லண்ணே"ன்னான், நானும் ஆறு பேருக்கு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். இப்பல்லாம் பெட்டிய தூக்குறதுக்கு முன்னாடி மாஸ்டர மாத்துனாத்தான் தூக்கவே விடுவேன்.