முகவருக்கு சிவி அனுப்புமுன் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்

"ஏஏடி முடித்துவிட்டு, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஏழு முகவர் நிலையங்களுக்கு ஒரே மெயிலில் சிவி அனுப்பினேன். 'எந்த வேலை என்றாலும் சரி' என்றும் எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார், பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?" – வாசகி, வெள்ளவத்தை

கட்ட வேண்டாம். உள்ளூர் அலுவலக வேலைக்கு முகவருக்குக் காசு கொடுப்பது, ஆள் கேட்கும் நிறுவனம். நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் அவருக்கு வரும்படி. முன்கூட்டியே உங்களிடம் கேட்பவருக்கு உங்களை எங்கேயும் சேர்த்துவிட வேண்டிய அவசியமே இல்லை.

மற்ற ஆறு பேர் ஏன் பேசவில்லை? "எந்த வேலையும்" என்பதை அவர்கள் எந்தக் கோப்பில் போடுவது? அவர்கள் தேடுவது வேலையின் பெயரை வைத்து. மெயிலின் தலைப்பிலேயே வேலை, அனுபவம், எப்போது சேரலாம் என்பது வரட்டும். உள்ளே ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி போதும். விஷயம் இதுதான்: கணக்கு உதவியாளர் வேலை தேடுகிறேன், மொத்த வியாபாரத்தில் இரண்டு வருடம் வங்கிக் கணக்கிணக்கம், கடன்காரர் கணக்கு பார்த்தேன், வெள்ளவத்தையிலிருந்து வந்து போகலாம், ஒரு மாதத்தில் சேரலாம், எதிர்பார்க்கும் சம்பளம் இவ்வளவு. அப்புறம் கடைசி வரி: "என்னைக் கேட்காமல் என் சிவியை எந்த நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டாம்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நான் ஆள் எடுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்தபோது, ஒரு பையனின் சிவியை நாங்களும் அனுப்பினோம், இன்னொரு முகவரும் அதே வாரம் அதே நிறுவனத்துக்கு அனுப்பினார். கட்டணம் யாருக்கு என்ற சண்டை வரும் என்று நிறுவனம் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டது. பையனுக்கு அது தெரியவே தெரியாது. யாரும் சொல்லவும் மாட்டார்கள். இன்னும் மோசம், சிவி சுற்றிச் சுற்றி இப்போதைய முதலாளி மேசைக்கே போய் நிற்பது. ஏழு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். எவர் எங்கே அனுப்பினார் என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

சிவியில் அடையாள அட்டை இலக்கம் வேண்டாம். புதிய 12 இலக்க எண்ணின் முதல் நான்கும் பிறந்த வருடம். அது ஊரெல்லாம் சுற்றத் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சில இடங்கள் உங்களை வேறு நிறுவனத்தில் சேர்ப்பதில்லை, தாங்களே சம்பளம் கொடுத்து இன்னொரு நிறுவனத்தில் உட்கார வைப்பார்கள். மேசை அந்த நிறுவனத்துடையது, வேலை கொடுப்பவர் முகவர். அப்படி என்றால் நியமனக் கடிதம் யார் பெயரில் வரும், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் யார் கட்டுவார் என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள். சேமலாப நிதிக்கென்று உங்கள் சம்பளத்தில் 8 சதவீதத்தை வெட்டிக்கொண்டு, கட்டாமல் விடுபவர்களும் உண்டு. "அதெல்லாம் பிறகு பார்ப்போம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.