தங்கைக்கு இரண்டு பங்கா?

அன்புள்ள ஐயா,

7,000 ரூபாயை அண்ணன், தங்கை, தம்பி மூவருக்கும் பிரிக்க வேண்டும். அண்ணனுக்கும் தங்கைக்கும் 2:3, தங்கைக்கும் தம்பிக்கும் 4:5. நான்கு எண்களையும் கூட்டினால் 14, ஆக ஒரு பங்கு 500. அண்ணனுக்கு 1,000, தங்கைக்கு 3,500, தம்பிக்கு 2,500 என்று எழுதினேன். கூட்டினால் 7,000 சரியாக வருகிறது. விடைப்பகுதியில் வேறு எண்கள் இருக்கின்றன. எங்கே தவறினேன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டுத்தொகை சரியாக வந்ததுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. பணத்தை 14 பங்காக்கி அத்தனையையும் கொடுத்துவிட்டால், யாருக்கு எத்தனை போனாலும் கூட்டினால் 7,000தான் வரும். விகிதத்தைப் பாருங்கள்: 1,000க்கு 3,500 என்பது 2:7. அதைவிட, 4:5 என்றாலே தம்பிக்குத் தங்கையைவிட அதிகம் போக வேண்டும். உங்கள் விடையில் தங்கைதான் பணக்காரி.

முதல் விகிதத்தில் வரும் 3, இரண்டாவதில் வரும் 4, இரண்டும் தங்கையின் ஒரே தொகைதான். அதே தொகையை ஒரு முறை மூன்றாகவும் இன்னொரு முறை நான்காகவும் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முதல் விகிதத்தின் ஒரு பங்கும் இரண்டாவதன் ஒரு பங்கும் ஒரே அளவு இல்லை. அளவு வேறானதைக் கூட்டி 14 என்று சொல்ல முடியாது.

சரி, அளவை ஒன்றாக்குவோம். மூன்றாகவும் நான்காகவும் பிரிபடும் மிகச் சிறிய எண் 12. தங்கைக்கு 12 பங்கு என்று வைத்தால், முதல் விகிதம் முழுவதையும் நான்கால் பெருக்க 8:12. இரண்டாவதை மூன்றால் பெருக்க 12:15. இப்போது தங்கையின் எண் ஒன்றுதான், ஆகவே 8:12:15 என்று தொடுத்து எழுதலாம். மொத்தம் 35 பங்கு, ஒரு பங்கு 200. அண்ணனுக்கு 1,600, தங்கைக்கு 2,400, தம்பிக்கு 3,000.

பள்ளியில் நான் தங்கையின் எண்ணை மட்டும் 12 ஆக்கிவிட்டு 2:12:5 என்று எழுதி அடி வாங்கியிருக்கிறேன். ஒன்றைப் பெருக்கினால் அதன் ஜோடியையும் பெருக்க வேண்டும்.

இன்னொன்று. பொதுவான ஆள் எப்போதும் நடுவில்தான் நிற்பார் என்று நினைக்காதீர்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் 2:3, அண்ணனுக்கும் தம்பிக்கும் 4:5 என்று கேட்டிருந்தால் சமமாக்க வேண்டியது அண்ணனின் 2-ஐயும் 4-ஐயும். 2:3 என்பது 4:6 ஆகும், இரண்டாவது அப்படியே இருக்கும். மூவருக்கும் 4:6:5, மொத்தம் 15 பங்கு. 7,000-ஐப் பதினைந்தால் வகுத்தால் 466.66 என்று இழுத்துக்கொண்டே போகும். அதைப் பார்த்து விகிதத்தைச் சந்தேகிக்க வேண்டாம். பெருக்கி முடித்த பிறகு பைசாவை முழுமையாக்கினால் 1,866.67, 2,800, 2,333.33 என்று அமைந்துவிடும்.